தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் வேறு: சுற்றறிக்கையில் எது செல்லும்?

ஓர் உதவித்தொகைச் சுற்றறிக்கை இப்படி வருவதாக வைத்துக்கொள்வோம். தமிழ்ப் பகுதியில், ‘ஜூன் 15-ஆம் தேதிக்குள் விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும்’ என்று இருக்கிறது. ஆங்கிலப் பகுதியோ, அன்றைக்குள் விண்ணப்பம் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்கிறது. தமிழை மட்டும் படித்தவர் 14-ஆம் தேதி தபாலில் போடுகிறார். அது 17-ஆம் தேதி போய்ச் சேர்கிறது. ‘லேட்டா வந்திருக்கு, எடுத்துக்க முடியாது’ என்கிறார் எழுத்தர். ‘அனுப்பணும்னுதானே போட்டிருக்கு?’ என்று கேட்டால், கடைசிப் பக்கத்தைக் காட்டுகிறார். அங்கே பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில் மட்டும் ஒரு வரி: வேறுபாடு இருந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டின் ஆட்சிமொழி தமிழ் என்று 1956-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால், சட்டங்களுக்கும் அவற்றின் கீழ் வரும் விதிகள், ஆணைகளுக்கும் ஆங்கில வாசகமே அதிகாரபூர்வமானது என்கிறது அரசமைப்பின் 348-ஆவது கூறு. சட்டமன்றம் வேறு மொழியில் சட்டம் இயற்றினாலும், ஆளுநரின் அதிகாரத்தின் கீழ் அரசிதழில் வெளியாகும் ஆங்கில மொழிபெயர்ப்பே அதிகாரபூர்வ வாசகமாகிவிடும்.

சுற்றறிக்கை எல்லாமே இந்த வகையில் சேராது. பல சுற்றறிக்கைகள் வெறும் நிர்வாக அறிவுறுத்தல்கள். அவற்றில் எந்த மொழி செல்லும் என்பதை வெளியிடும் அலுவலகமே எழுதிவிடலாம். ஆங்கிலம்தான் என்று எழுதியே ஆக வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை; பழக்கம்தான் இருக்கிறது.

எங்கே பிசகுகிறது?

பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதி முடித்த பிறகுதான் தமிழாக்கம் நடக்கிறது. பிறகு ஆங்கிலத்தில் ஒரு பத்தி திருத்தப்படும். தமிழ் பழையபடியே நிற்கும். முதலில் தமிழ் முழுவதும், அதன்பின் ஆங்கிலம் முழுவதும் என்று அச்சிட்டால் இந்த வேறுபாடு கண்ணில் படாது. இரண்டு பத்திகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 4-ஆம் பத்திக்கு நேரே 4-ஆம் பத்தி வருமாறு ஒரே எண்ணைக் கொடுத்தால், விடுபட்டது உடனே தெரிந்துவிடும்.

ஆனால், அமைப்பு மட்டும் போதாது. ‘அனுப்ப’ என்பதும் ‘வந்து சேர’ என்பதும் நேருக்கு நேர் நின்றாலும், யாராவது வாசித்துப் பார்த்தால்தான் மாட்டும். குறிப்பாகத் தேதி, தொகை, ‘வேண்டும்’, ‘-லாம்’ என முடியும் சொற்கள் ஆகியவற்றை ஒருவர் படிக்க, இன்னொருவர் ஒப்பிட வேண்டும்.

எந்த மொழி செல்லும் என்ற வரி கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கக் கூடாது. தலைப்புக்குக் கீழேயே, தமிழிலும் இருக்க வேண்டும். விதியை அப்படியே எடுத்துச் சொல்லும் பத்திகளுக்கு ஆங்கிலம் செல்லட்டும். அலுவலகம் தானாக வகுத்த நடைமுறைகளில் வேறுபாடு வந்தால், விண்ணப்பதாரருக்குச் சாதகமான வடிவம் செல்லும் என்று எழுதுவதே நியாயம். இரண்டையும் எழுதியது அலுவலகம். பிழையின் விலையை, தமிழை நம்பி 14-ஆம் தேதி தபாலில் போட்டவர் ஏன் கொடுக்க வேண்டும்?