வாகரைக் கரையோரம் ஒரு நாள்

பாடசாலையிலிருந்து வரும் சுற்றுலாத் துண்டுப் பத்திரங்களில் பெரும்பாலும் இரண்டே செய்திகள் இருக்கும். ஒன்று புறப்படும் நேரம். மற்றது கட்டவேண்டிய பணம். மட்டக்களப்பு நகரத்தில் ஒன்பதாந் தரத்துக்குச் சரித்திரம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் தம் மாணவரின் பெற்றோருக்கு எழுதிய கடிதம் அவ்வாறானதன்று. வாசகர்களுக்கும் அது பயன்படுமாகலின் இவ்வாரம் அதனையே இப்பகுதியில் தருகின்றோம்.

மதிப்புக்குரிய பெற்றோர்களே,

வழக்கமாக நம் பிள்ளைகள் சுற்றுலாவென்றால் அநுராதபுரம், சிகிரியா, கண்டி என்று மூன்று நாள்களில் ஓடிவருவர். பஸ் வண்டியில் உறங்கியதும், வழியில் வாங்கித் தின்றதுமே அவர்கள் நினைவில் நிற்கும். இம்முறை ஒரே நாளில், நம்முடைய கரையோரமாகவே வடக்கே சென்று திரும்ப எண்ணுகிறேன். வெருகல், கதிரவெளி, வாகரை, பனிச்சங்கேணி ஆகிய நான்கே இடங்கள்.

புறப்படும் நேரம் அதிகாலை 5.30 என்று கண்டு சில தாய்மார் முகஞ் சுளிக்கக்கூடும். அதற்குக் காரணம் உண்டு. வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயிலில் பழைய தமிழ்க் கல்வெட்டொன்று இருக்கிறது. கோயில் மதிலைக் கட்டுவித்த திருப்பணியில் கயிலை வன்னியனாருக்கு இருந்த பங்கை அது கூறுகிறது. கல்லில் வெட்டிய எழுத்து, வெயில் சாய்வாக விழும்போதுதான் நிழல்கொண்டு துலங்கும். உச்சிப் பொழுதில் அதே கல் வெறுங் கல்லாகத் தோன்றும். அன்றியும் மதியப் பூசை முடிந்தால் கோயில் நடை சாத்தப்படும். ஆகவே மிகத் தொலைவிலுள்ள வெருகலுக்கு முதலிற் சென்று, பின் படிப்படியாக வீடு நோக்கித் திரும்புவதே முறை. மேகம் மூடியிருந்தால் கைவிளக்கைக் கல்லின் பக்கவாட்டிற் பிடித்துப் படிப்போம்.

அங்கே ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வரியைக் கண்ணாற் பார்த்துத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதவேண்டும். பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாது விடுதல் பெருவழக்கு. எகர ஏகார வேறுபாடும் பெரும்பாலும் தெரியாது. எனவே இன்று எழுதும் தமிழை அறிந்த பிள்ளையும் ஒரு சொல்லை இரண்டு மூன்று விதமாக வாசித்துப் பார்த்து, எது பொருந்துமெனத் தீர்மானிக்க நேரும். சரித்திரம் எவ்வாறு எழுதப்படுகிறது என்பதை அந்தக் கால்மணி நேரம் காட்டிவிடும். எழுத்துத் தெளிவாகத் தெரியட்டுமென்று கல்லிற் சுண்ணக்கட்டி பூசும் வழக்கத்தை நாம் பின்பற்றமாட்டோம். அது கல்லைக் கெடுக்கும்.

வெருகலிலிருந்து ஆற்றைக் கடந்து மட்டக்களப்பு மாவட்டத்துக்குட் புகுந்தால் கதிரவெளி. (மகாவலியின் கிளையாகிய இவ்வாறே இரண்டு மாவட்டங்களுக்கும் எல்லை.) கதிரவெளி, பெருங்கற்கால ஈமக்குழிகள் காணப்பட்ட இடமென ஆராய்ச்சியாளர் குறித்த ஊர். பலகைக் கற்களை நிலத்திற் செங்குத்தாக நாட்டிப் பெட்டிபோலாக்கி, இறந்தோரின் எலும்புகளையும் மட்கலங்களையும் அதனுள் வைத்து, மேலே மூடுகல் இடுவது அக்கால மக்களின் வழக்கம். பார்வைக்கு இது வெறுங் கல்லாகவே தோன்றும், பிள்ளைகள் ஏமாற்றமடையலாம். அதனால் முன்கூட்டியே வகுப்பில் மட்டைக் கடதாசியால் ஒரு கற்பெட்டி செய்து பழகுவோம். ஒரு வாரம் முன்னர் நானே சென்று வழியையும் பார்த்து, தொல்பொருள் அதிகாரிகளிடம் அனுமதியும் பெறுவேன். அளவுநாடா கொண்டு அளந்து வரைவது மட்டுமே பிள்ளைகளின் வேலை. ஓட்டுத் துண்டொன்றைக் கூடச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு வரலாகாது. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் தடுப்பது ஒருபுறமிருக்க, கிடந்த இடத்தைவிட்டுப் பெயர்ந்த ஓடு தன் கதையைச் சொல்லாது.

கதிரவெளி என்ற பெயரைக் கேட்டதும் உங்களுட் சிலருக்கு வேறொன்று நினைவுக்கு வரும் என்பதை நான் அறிவேன். 2006 நவம்பர் 8 ஆந் திகதி, அவ்வூர்ப் பாடசாலையில் தஞ்சம் புகுந்திருந்த இடம்பெயர்ந்த மக்கள் நாற்பது பேருக்கு மேல் எறிகணை வீச்சில் மாண்டனர். அதற்கு இரண்டாண்டு முன்னர், 2004 டிசம்பர் 26 இல், கடற்கோள் இக்கரையைச் சூறையாடியது. அந்தப் பாடசாலையைப் பார்வையிடும் இடமாக நான் சேர்க்கவில்லை. பிறர் துயரைக் காட்சிப் பொருளாக்குதல் தகாது. ஆயினும் பிள்ளைகள் கேட்டால் நடந்ததை மறையாது கூறுவேன். இதில் உடன்பாடில்லாத பெற்றோர் எனக்கு முன்னரே அறிவிக்கலாம். உறவினரை அங்கு இழந்தவர்கள் தனியே வந்து பேசினால் இன்னும் நன்று.

மதிய உணவு வாகரையில். அங்குள்ள கரையோர வேடர்களைக் குறித்துச் செலிக்மன் தம்பதியர் 1911 இல் எழுதிய நூலிற் காணலாம். தமிழ் பேசி, கடலிலும் வாவியிலும் தொழில் செய்து வாழும் மக்கள் அவர்கள். “வேடரைப் பார்க்கப் போகிறோம்” என்று பிள்ளைகள் வீட்டில் சொன்னால் அருள்கூர்ந்து திருத்துங்கள். நாம் போவது பார்க்க அன்று, கேட்க. ஊர்ப் பெரியவர் ஒருவர் இசைந்தால், ‘ஐயா, இந்த வலைக்கு என்ன பெயர்? எந்த மாதத்தில் எந்த மீன்?’ என்று வினவிப் பத்துச் சொற்களைச் சேகரிப்போம். படம் பிடிப்பது அவர் அனுமதித்தால் மட்டும்.

மூன்று மணிக்குப் பனிச்சங்கேணிப் பாலம். வாவியும் கடலும் சந்திக்கும் இடத்தைப் பாலத்தருகே நின்று வரைந்துவிட்டுப் புறப்பட்டால் மாலை ஆறு மணிக்குள் பாடசாலை சேரலாம். நீரில் இறங்க ஒருவருக்கும் அனுமதி இல்லை. வடகீழ்ப் பருவமழையில் இப்பகுதி வெள்ளக்காடாகும். ஆவணியில் வெருகற் திருவிழாக் கூட்டம். ஆதலின் ஆனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றைத் தெரிந்துள்ளேன். வெயில் கடுமைதான், தொப்பி கட்டாயம்.

இனிச் செலவு. மாணவர் 40 பேர். ஆசிரியர் நால்வரும் பெற்றோர் இருவரும் சேர்ந்து 46 பேர். பஸ் வாடகை 42,000 ரூபா. மதிய உணவு ஆளுக்கு 350 வீதம் 16,100. குடிநீர், பழம், முதலுதவி 4,000. குறிப்புப் புத்தகமும் அளவுநாடாவும் 2,400. எதிர்பாராச் செலவுக்கு 3,500. ஆக மொத்தம் 68,000 ரூபா. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் 8,000 தர இசைந்துள்ளது. எஞ்சிய 60,000 ஐ நாற்பதாற் பிரித்தால் பிள்ளைக்கு 1,500 ரூபா. எரிபொருள் விலை ஏறினால் வாடகையும் ஏறும். அப்போது முதலில் எதிர்பாராச் செலவுப் பணத்திலிருந்தே எடுப்போம், உங்களிடம் மீண்டும் வரமாட்டோம். மிஞ்சினால் திருப்பித் தருவோம். கணக்கு அறிவித்தற் பலகையில் ஒட்டப்படும்.

மூன்று மாதத்தில் ஐந்நூறு ஐந்நூறாகவும் செலுத்தலாம். பணம் மூடிய உறையில் வரட்டும். எவ்வளவு இயலுமோ அவ்வளவை இட்டு, இயலாதெனில் வெற்று உறையையே அனுப்புங்கள். நாற்பது உறைகளையும் நானே தனித்திருந்து பிரிப்பேன். பணத்துக்காக ஒரு பிள்ளை வீட்டில் நிற்குமானால் இச்சுற்றுலா நடவாது.

பிள்ளைக்கு இழுப்பு, வலிப்பு, ஒவ்வாத உணவு ஏதேனும் இருப்பின் சம்மதக் கடிதத்தின் பின்புறத்தில் எழுதுக. பெண்பிள்ளைகளுக்கான கழிப்பிட வசதி வெருகலிலும் வாகரையிலும் எங்குள்ளதென ஆசிரியை ஒருவர் என்னுடன் முன்கூட்டியே வந்து பார்ப்பார். வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதிக்கு விண்ணப்பிக்க எல்லாச் சம்மதக் கடிதங்களும் தேவை; ஆதலால் சித்திரை இறுதிக்குள் கையொப்பமிட்டு அனுப்புமாறு வேண்டுகிறேன். கூட வர விரும்பும் பெற்றோர் இருவர் தேவை. ஒருவராவது மீன்பிடி அறிந்தவராயின் வாகரையில் எனக்குப் பேருதவி.

இங்ஙனம்,
தங்கள் பிள்ளைகளின் சரித்திர ஆசிரியர்