விடிந்தால் ஞாயிறு!

கிராமத்துப் பெரியவர்கள் ராத்திரி நடக்கிற காரியத்துக்கு நாள் சொல்லும்போது, "சனிக்கிழமை ராத்திரி, விடிஞ்சா ஞாயித்துக்கெழமை" என்பார்கள். கேட்கிறவருக்குக் குழப்பமே வராது. இவ்வளவு தெளிவான வழக்கம் இருக்க, ரயில் டிக்கெட்டிலும் விமான டிக்கெட்டிலும் வெறும் தேதியை மட்டும் போட்டு ஆட்களைத் திண்டாட விடுகிறார்கள்.

ஒரு மாணவரின் கதையைப் பார்ப்போம். மதுரையில் படிப்பு, நாகர்கோவிலில் வீடு. ஞாயிறு 15ஆம் தேதி காலை அக்காவுக்கு நிச்சயதார்த்தம். சென்னையில் மாலை 5.15க்குக் கிளம்பி மதுரைக்கு 00.35க்கு வரும் ஒரு ரயில். "சனிக்கிழமை ராத்திரி பன்னிரண்டரை மணி வண்டி, விடிகாலையில் வீட்டில் இருக்கலாம்" என்று கணக்குப் போட்டு, 14ஆம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டார்.

சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கே ஸ்டேஷனில் ஆஜர். வண்டியும் வந்தது. பெர்த்தில் வேறு ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினால் அவரிடமும் அதே நம்பருக்கு டிக்கெட், தேதி மட்டும் 15. டி.டி.இ. வந்து பார்த்துவிட்டு, "தம்பி, உங்க வண்டி நேத்தே போயிடுச்சு" என்றார்.

அவர் சொன்னது சரிதான். 14ஆம் தேதி 00.35 என்பது வெள்ளிக்கிழமை ராத்திரி தூங்காமல் விழித்திருந்தால் வருகிற நேரம். சனிக்கிழமை ராத்திரி பன்னிரண்டு அடித்ததுமே தேதி 15 ஆகிவிடுகிறது. அந்த டிக்கெட்டோடு ஏறினால் டிக்கெட் இல்லாத பயணிதான். முழுக் கட்டணமும் அபராதமும் கட்ட வேண்டும். பழைய டிக்கெட் பணமும் போச்சு.

இதைப் படிப்பறிவில்லாத தவறு என்று சொல்ல முடியாது. பஞ்சாங்கக் கணக்கில் நாள் சூரிய உதயத்தில்தான் தொடங்குகிறது. நம் மனசுக்கும் அப்படித்தான், விடியும்வரை ராத்திரி முந்தின நாளைச் சேர்ந்தது. கடிகாரம்தான் நடுராத்திரியில் நாளைக் கிழிக்கிறது.

சரி, அடுத்த முறை அவர் 15ஆம் தேதி என்று சரியாகப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தட்கலில் இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. பயணத்துக்கு முந்தின நாள் ஏ.சி. வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், மற்றவற்றுக்கு 11 மணிக்கும் தட்கல் திறக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த "முந்தின நாள்" கணக்கிடப்படுவது ரயில் முதலில் புறப்படும் ஊரின் தேதியிலிருந்து. இந்த வண்டி சென்னையை விட்டுக் கிளம்புவது 14. ஆகவே மதுரையில் 15ஆம் தேதி ஏறுகிறவருக்கும் தட்கல் 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலையிலேயே திறந்துவிடும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு விரலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், டிக்கெட் தீர்ந்து முழுசாக ஒரு நாள் ஆகியிருக்கும்.

வண்டி எங்கே வருகிறது என்று NTES-இல் பார்க்கும்போதும் இதே கதைதான். 15ஆம் தேதி கிளம்பும் வண்டியைத் தேர்ந்தெடுத்தால் இன்னும் புறப்படவில்லை என்று காட்டும். பார்க்க வேண்டியது 14ஆம் தேதி கிளம்பிய வண்டியை.

விமானத்தில் இது இன்னும் விலை அதிகமான தவறு. சென்னையிலிருந்து வெளிநாடு போகும் பல விமானங்கள் நள்ளிரவு தாண்டித்தான் கிளம்புகின்றன. 15ஆம் தேதி 01.30 என்று இருந்தால், மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது 14ஆம் தேதி ராத்திரி பத்தரைக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக "+1" என்று இருந்தால் மறுநாள் என்று அர்த்தம். 15ஆம் தேதி விடியற்காலை இரண்டு மணிக்குப் போய் இறங்கி உடனே படுக்க வேண்டுமென்றால், ஹோட்டல் அறையை 14ஆம் தேதியிலிருந்தே பதிவு செய்ய வேண்டும். 15 என்று போட்டால் மதியம் வரை வரவேற்பறை சோபாதான்.

இதற்குத் தீர்வு பெரிய விஷயமில்லை. நள்ளிரவுக்கும் விடியற்காலை நாலு மணிக்கும் இடையில் கிளம்பும் எந்த டிக்கெட்டிலும் தேதிக்குப் பக்கத்தில் "சனி இரவு, விடிந்தால் ஞாயிறு" என்று ஒரு வரி அச்சடித்தால் போதும். பணம் கட்டுவதற்கு முன் அந்த வரி திரையில் வந்திருந்தால், அந்த மாணவர் நிச்சயதார்த்தத்துக்கு நேரத்துக்குப் போயிருப்பார்.

அச்சடிக்கும் வரை, பணம் கட்டுமுன் ஒரே ஒரு கேள்வி: வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பும்போது என்ன கிழமை? அதைவிட டிக்கெட்டில் ஒரு நாள் கூடுதலாக இருந்தால்தான் நடுராத்திரி வண்டிக்குச் சரியான டிக்கெட்.