அப்பா எழுதிய உயிலும் நாங்கள் போட்ட பாகப்பத்திரமும்

"முடிஞ்சது முடிஞ்சுபோச்சு அண்ணே. பத்திரம் போட்டாச்சு, பட்டா மாறியாச்சு. இப்போ அந்தக் காகிதத்தை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே? கிழிச்சுப் போடு."

என் தம்பி சொன்னது இது. அவன் மட்டும் சொல்லவில்லை. காலையில் கடற்கரைச் சாலையில் என்னோடு நடக்கும் நண்பர்கள் ஐந்து பேரில் நான்கு பேர் இதையே சொன்னார்கள். நால்வரும் படித்தவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். அவர்களுக்கும் தம்பிக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்பா 2016இல் காலமானார், 91 வயது. அம்மா அவருக்கு முன்பே போய்விட்டார். பிள்ளைகள் மூன்று பேர்: நான், தம்பி, தங்கை. இளம் வயதிலேயே கணவனை இழந்த தங்கைதான் கடைசிப் பதினைந்து வருடம் அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். முத்தியால்பேட்டையில் 1,200 சதுர அடி மனையில் ஒரு வீடு. அப்பா தன் சம்பளத்தில் வாங்கியது, பூர்வீகச் சொத்து அல்ல. வங்கியில் ஒன்பது லட்சம் வைப்பு.

வாரிசுச் சான்றிதழ் வாங்கினோம். முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டோம், ஒன்றுமில்லை என்று வந்தது. 2017இல் பாகப்பிரிவினை செய்து பதிந்தோம். வீட்டின் முன்பாதி எனக்கு, பின்பாதி தம்பிக்கு. தங்கைக்கு வீட்டில் பங்குக்குப் பதிலாக ஆளுக்கு இரண்டரை லட்சம் போட்டு ஐந்து லட்சம் கொடுத்தோம். வைப்புத் தொகை ஆளுக்கு மூன்று லட்சம். தங்கை ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டு, வாடகை வீட்டுக்குப் போனாள். 2019இல் தம்பி எட்டு லட்சம் செலவழித்துப் பின்பக்கம் மாடி கட்டினான்.

2023இல் அப்பாவின் பழைய பிரெஞ்சு அகராதியைப் பேரனுக்குக் கொடுக்கலாம் என்று தூசி தட்டினேன். உள்ளே ஒரு ரசீது இருந்தது. வேறு கொம்யூனில் இருந்த ஒரு சார்பதிவகத்தின் ரசீது, 1994ஆம் வருடம். எண்ணுக்குப் பக்கத்தில் "புத்தகம் 3" என்று எழுதியிருந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் ஏதோ பழைய சீட்டு என்று போட்டிருப்பார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் நான் முப்பது வருடத்துக்கு மேல் குமாஸ்தாவாக வேலை பார்த்தது பதிவுத் துறையில்தான்.

பதிவு அலுவலகத்தில் எல்லாப் பத்திரமும் ஒரே புத்தகத்தில் ஏறுவதில்லை. கிரயம், அடமானம், பாகம், தானம் எல்லாம் 1ஆம் புத்தகம். உயில் 3ஆம் புத்தகம். வில்லங்கச் சான்று என்பது 1ஆம் புத்தகத்தைப் பார்த்துக் கொடுப்பது. ஆகவே உயில் பதிவாகியே இருந்தாலும் வில்லங்கச் சான்றில் வராது. எழுதியவர் உயிருடன் இருக்கும்வரை அவரோ அவருடைய முகவரோ தவிர வேறு யாரும் அதன் நகலை வாங்க முடியாது. அவர் இறந்த பிறகு இறப்புச் சான்றோடு யார் மனுப் போட்டாலும் கொடுப்பார்கள். ஆனால் கேட்டால்தானே கொடுப்பார்கள்? இன்னொன்று, வீடு இருக்கும் இடத்துச் சார்பதிவகத்தில்தான் உயிலைப் பதிய வேண்டும் என்று கட்டாயமில்லை. எங்கே வேண்டுமானாலும் பதியலாம். பெற்ற மகன் உட்கார்ந்திருக்கும் அலுவலகத்துக்கு அப்பா வராமல் வேறு ஊருக்குப் போன காரணம் எனக்கு இப்போது புரிகிறது.

இத்தனையும் தெரிந்த நான், அப்பா இறந்தபோது 3ஆம் புத்தகத்தைத் தேடவில்லை. "நம் அப்பா உயில் எழுதுகிற ஆளா" என்ற ஒரே நினைப்புதான். மற்றவர்களைச் சொல்லும் முன் என்னைத்தான் சொல்ல வேண்டும்.

நகல் எடுத்தேன். இரண்டு பக்கம். வீடு முழுவதும் தங்கைக்கு. சாட்சிகள் இரண்டு பேர். வைப்புத் தொகை பற்றி ஒன்றுமில்லை.

இனி தம்பியின் வாதங்களுக்கு வருகிறேன்.

"பதிவு செய்த பாகப்பத்திரத்தை ஒரு பழைய உயில் எப்படி அடிக்கும்?" இதுதான் எல்லோரும் கேட்பது. உயில் கண்டெடுத்த நாளில் உயிர் பெறுவதில்லை, எழுதியவர் இறந்த நிமிடத்திலேயே நடைமுறைக்கு வந்துவிடுகிறது. ஆகவே 2016இல் அப்பா கண்ணை மூடியபோதே வீடு தங்கையுடையது. 2017இல் நானும் தம்பியும் பங்கு போட்டது எங்களிடம் இல்லாத ஒன்றை. இல்லாததைப் பங்கு போட்டு எத்தனை முத்திரைத்தாள் ஒட்டினாலும் அது உண்டாகிவிடாது. அதே நேரம் உயில் எல்லாவற்றையும் கலைத்துவிடும் என்று பயப்படுவதும் தவறு. அது பேசுவது வீட்டைப் பற்றி மட்டும். வைப்புத் தொகைக்கு உயில் இல்லை, அதை மூன்றாகப் பிரித்தது சரிதான், அப்படியே நிற்கும்.

"வாரிசுச் சான்றிதழில் மூன்று பேர் பேரும் இருக்கே?" இருக்கிறது. தாசில்தார் கொடுத்த அந்தச் சான்று இறந்தவருக்கு யார் யார் வாரிசு என்று சொல்லும் காகிதம். சொத்து யாருக்கு என்று அது சொல்வதில்லை.

"அவளே கையெழுத்துப் போட்டிருக்காளே!" இந்த வாதத்தில்தான் கொஞ்சம் பலம் இருக்கிறது. உயில் இருப்பது தெரிந்தும் அதை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் கதையே வேறு. அப்போது அது குடும்ப ஏற்பாடு, நீதிமன்றமும் மதிக்கும். ஆனால் தெரியாத உரிமையை ஒருவர் எப்படி விட்டுக்கொடுக்க முடியும்? அவளுக்கு உயில் பற்றித் தெரியாது என்பதற்கு நானே சாட்சி. அந்த ரசீது ஆறு வருடம் என் அலமாரியில்தான் கிடந்தது.

கடைசியாக, கிழிக்கிற யோசனை. உயிலை மோசடியாக அழிப்பதும் மறைப்பதும் தனிக் குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 477ஆம் பிரிவு, இப்போதைய நியாய சன்ஹிதாவில் 343. ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம். நடைபாதையில் சிரித்துக்கொண்டே "கிழிச்சுப் போடுங்க சார்" என்று சொன்ன நண்பர்களுக்கு இது தெரியாது என்று நம்புகிறேன். தவிர நான் கையில் இருக்கும் நகலைக் கிழித்து என்ன ஆகும்? 3ஆம் புத்தகத்தில் அது முழுதாக இருக்கிறது.

தம்பி சொல்வதில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். தனக்கே சொந்தம் என்று நம்பித்தான் மாடி கட்டினான். அந்த எட்டு லட்சத்தை அவன் இழக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நான் போட்ட கணக்கு இது. நாங்கள் இருவரும் தங்கைக்கு எங்கள் பங்கை விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பது. அவள் வாங்கிய ஐந்து லட்சத்தில் தம்பியின் இரண்டரை லட்சம் அவனுக்குத் திரும்ப வேண்டும். அதோடு மாடிக்கு எட்டு லட்சம், ஆகப் பத்தரை லட்சம். அவளிடம் அவ்வளவு இல்லை. ஆகவே அதைக் கொடுத்து முடிக்கும்வரை தம்பி மாடியில் வாடகையில்லாமல் இருக்கட்டும் என்றேன். என் இரண்டரை லட்சம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏழு வருடம் அந்த முன்பாதியில் வாடகை வாங்கியிருக்கிறேன், அதுவே அதிகம். என் பங்கைச் சென்ற வருடம் தங்கை பேருக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. தம்பி இன்னும் எழுதவில்லை.

"அண்ணன் மேல கேஸ் போடச் சொல்றியா, நாலு பேர் என்ன சொல்வாங்க" என்கிறாள் தங்கை. தம்பியும் அவளுக்கு அண்ணன்தான். இந்த இடத்தில் நான் அவளோடும் மாறுபடுகிறேன். பதிவாகிவிட்டது என்பதாலேயே உயில் நிரூபணமாகிவிடாது. எதிர்ப்பு வந்தால், கையெழுத்துப் போட்ட இரண்டு சாட்சிகளில் உயிருடன் இருக்கும் ஒருவராவது கூண்டேறி, அப்பா தன் முன்னால் போட்டார், நானும் அவர் முன்னால் போட்டேன் என்று சொல்ல வேண்டும். முப்பது வருடம் பழைய பத்திரம், ஆகவே உண்மை என்று மற்ற ஆவணங்களுக்குக் காட்டும் சலுகை உயிலுக்கு இல்லை, உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சாட்சி ஒருவரும் இல்லாவிட்டால் அவர்களின் கையெழுத்தை அடையாளம் காட்டும் ஆளைத் தேட வேண்டும். அதுவும் வழிதான், ஆனால் கரடுமுரடான வழி. காலக்கெடுவும் இருக்கிறது. உயில் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வந்திருக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் கொடுக்காதீர்கள் என்று வக்கீல் சொன்னார்.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் சொத்து விவகாரம் என்றால் நொத்தேரிடம்தான் போவார்கள். மூலப் பத்திரம் அவரிடமே இருக்கும். பிரான்சில் 1970களிலேயே உயில்களுக்கு மத்தியப் பதிவேடு வந்துவிட்டது. உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று அதில் இருக்காது, உயில் இருக்கிறதா, எந்த நொத்தேரிடம் என்பது மட்டும் இருக்கும். சொத்தைப் பிரிக்கும் முன் நொத்தேர் அதைப் பார்த்துவிட வேண்டும். நம் ஊரில் வாரிசுச் சான்று மனுவோடு "3ஆம் புத்தகத்தில் தேடியாயிற்றா" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். எல்லாச் சார்பதிவகங்களுக்கும் இறந்தவர் பெயரை வைத்து ஒரே மனுவில் தேட வழி செய்தால் இன்னும் நல்லது. 3ஆம் புத்தகத்துக்கென்று பெயர் வாரியான அட்டவணை தனியாக இருக்கத்தான் செய்கிறது, நானே எத்தனையோ பெயர்களை அதில் ஏற்றியிருக்கிறேன். வைத்துக்கொண்டு யாரும் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். அதுவரை, வீட்டில் மரணம் நேர்ந்து பங்கு பிரிக்கப் போகிறவர்கள் வில்லங்கச் சான்றோடு நிற்காமல் உயில் தேடவும் மனுப் போடுங்கள். இறந்தவர் வாழ்ந்த ஊர், வேலை பார்த்த ஊர், பெண் கொடுத்த ஊர், மூன்றிலும்.

அப்பாவின் உயிலில் சாட்சி போட்டவர்களில் ஒருவர் காலமாகிவிட்டார். மற்றவர் அப்பாவோடு வேலை பார்த்தவர், இப்போது 83 வயது, அரியாங்குப்பத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். போன மாதம் தங்கையை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். உயில் நகலைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "என் கையெழுத்துதான், உங்கப்பா அன்னிக்கு எனக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்" என்றார். வழக்குப் போட்டால் நடக்க முடியாத சாட்சியை வீட்டுக்கே வந்து விசாரிக்க ஆணையரை நியமிக்கச் சொல்லிக் கேட்கலாம். வழக்கே இல்லாமல் யாரை நியமிப்பது?

திரும்பி வரும்போது ஆட்டோவில் தங்கை, வக்கீல் வீடு எந்தத் தெரு என்று கேட்டாள். தம்பி, திங்கட்கிழமை போவதாக இருக்கிறோம். அதற்கு முன் நீ வந்தால் பத்திரம் எழுதுபவரிடம் போகலாம்.