பேரப்பிள்ளைக்கு ஏன் தாத்தாவின் விலாசம்?

கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற நம்ம மலையகத்துச் சொந்தக்காரர்கள் கலாசாரச் சங்கம் தொடங்கப் பேசும்போது முதல் சண்டை பெயரில்தான் வருகிறது. 'இந்திய வம்சாவளி' என்று போடுவதா, 'இலங்கை' என்று போடுவதா, 'மலையகம்' என்று போடுவதா? பெரியவர்கள் மூன்று பக்கமாகப் பிரிந்து நிற்பார்கள். அங்கேயே பிறந்த பிள்ளைகளிடம் ஒருத்தரும் கேட்பதில்லை. பிறகு "புள்ளைங்க சங்கத்துப் பக்கமே வாறதில்ல" என்று புலம்பல் வேறு.

கொட்டகலையில் இருந்துகொண்டு நாங்கள் ஏன் இதில் வாய் வைக்கிறோம்? இந்தக் கூத்து ஏற்கெனவே நம்ம மண்ணில் நடந்து முடிந்தது என்பதால்தான்.

1939இல் நேரு கொழும்புக்கு வந்தபோது, இங்கிருந்த இந்தியர் அமைப்புகள் சேர்ந்து 'இலங்கை இந்திய காங்கிரஸ்' உருவானது. கடல் தாண்டி வந்தவர்களின் சங்கம் அது. அன்றைய தலைவர்களுக்கு 'இந்திய' என்ற சொல் ஒரு பாதுகாப்பு. பின்னால் ஒரு பெரிய தேசம் நிற்கிறது என்ற தைரியம். அதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் அப்போதே லயங்களில் இருந்த பலர் இங்கேயே பிறந்தவர்கள். இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர்கள். அவர்களுக்கு அந்தப் பெயர் தாத்தாவின் விலாசம்.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. பெயர்ப்பலகையைப் பார்த்து யாரும் உரிமையைப் பறிக்கவில்லை, அரசியல் கணக்குப் பார்த்துத்தான் பறித்தார்கள். அது வேறு விஷயம். ஆனால் "நீங்கள் இந்தியர்கள்" என்று அவர்கள் சொன்னபோது, நம்ம சங்கத்தின் பெயரும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. 1950இல் அது 'இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ்' ஆனது. வந்த இடம் பெயரிலிருந்து போய், இருக்கிற இடமும் செய்கிற வேலையும் நின்றன. லயத்தில் பிறந்த பிள்ளையும் "இது என்னோடது" என்று சொல்லக்கூடிய பெயர் அதுதான்.

அடுத்த கொடுமையைப் பாருங்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை கொடுக்கவும் எழுதப்பட்டது. அப்படிப் போனவர்களுக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. கொட்டகலையில் பிறந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக இந்தியாவில் கால் வைக்கும் பிள்ளை எங்கேயிருந்து எங்கே 'திரும்பியது'? முதல் தலைமுறைக்காகச் செய்த பெயர் இரண்டாம் தலைமுறையை எப்படிப் பொய்யாக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

குடிசன மதிப்பீட்டில் 1911இலிருந்து நம்மை 'இந்தியத் தமிழர்' என்றே தனியாக எண்ணினார்கள். 'மலையகத் தமிழர்' என்ற சொல்லை நாமே பேசிப் பேசி, எழுதி எழுதி நிலைநாட்ட வேண்டியிருந்தது. அதனால் வெளிநாட்டில் தொடங்கும் சங்கத்துக்கும் அதையே வையுங்கள் என்று சொல்லத்தான் எங்களுக்கும் ஆசை. ஆனால் ஒரு நிமிடம் யோசித்தால் வாய் அடைக்கிறது. டொரொன்டோவில் பிறந்த பிள்ளைக்கு 'மலையகம்' என்பது, நமக்கு 'இந்திய' இருந்த மாதிரிதானே? நாம் மறுத்ததை நாமே இன்னொருவர் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

'தமிழர்', 'தமிழ்' இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஓரெழுத்தும் சின்ன விஷயம் இல்லை. 'தமிழர் சங்கம்' என்றால் ஆளைக் கேட்கிறது: நீ யார், அப்பா யார், அம்மா யார்? அம்மா சிங்களமாகவோ பிரெஞ்சாகவோ இருக்கிற பிள்ளை வாசலிலேயே நின்றுவிடும். வீட்டில் தமிழ் பேசினாலும் தன்னைத் தமிழர் என்று சொல்லாத முஸ்லிம் நண்பரும் அப்படித்தான். 'தமிழ்' என்றால் மொழியோடு உள்ள உறவு போதும். 'தமிழ் பேசுவோர்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். தட்டுத்தடுமாறிப் பேசுகிற பிள்ளைக்கு அது பரீட்சை மண்டபம்.

எங்கள் கட்சி இதுதான்: பெயரில் மொழி இருக்கட்டும், இப்போது வாழும் நகரம் இருக்கட்டும். வந்த கதையை யாப்பின் நோக்கப் பகுதியில் முழுசாக எழுதுங்கள். லயம், ஒப்பந்தம், பறிபோன வாக்கு எல்லாம் அங்கே வரட்டும். 'மலையகம்' பெயரில் வர வேண்டுமா என்பதை அங்கே பிறந்தவர்கள் தீர்மானிக்கட்டும். அதற்காகப் பெயர் வைக்கும் குழுவில் அவர்களுக்குப் பாதி இடம் கொடுங்கள். 'இளைஞர் அணி' என்று ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்துவிட்டுக் கை கழுவாதீர்கள்.

"வேர் அறுந்து போகும்" என்பீர்கள், பெரியப்பாமாரே. வேரைப் பலகையில் எழுதி எந்த மரமும் வளர்ந்ததில்லை. பள்ளிக்கூட நண்பன் "இது என்ன சங்கம்?" என்று கேட்டால், பிள்ளை கூச்சப்படாமல் ஒரே வசனத்தில் பதில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் பெயரை மாற்றுங்கள். 1950இல் நம்மவர்கள் மாற்றினார்கள். ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை.