காலிப் பெட்டிக்குள் முதலில் நீங்கள் நுழையுங்கள்

ஈரோடு பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். விரலி மஞ்சளை முதல்முறையாக நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். வேகவைத்தது, காயவைத்தது, மெருகேற்றியது எதிலும் குறையில்லை. ஈரப்பதம் 10 சதவீதத்துக்குள் இருந்ததை நானே அளந்து பார்த்தேன். ஆனால், போய்ச் சேர்ந்த இடத்தில் கதவைத் திறந்ததும் பூஞ்சாண வாடை. அடி வரிசை மூட்டைகளும், கூரையைத் தொட்டாற்போல் இருந்த சில மூட்டைகளும் கெட்டிருந்தன. வாங்கியவர் மொத்தச் சரக்குக்கும் விலையைக் குறைத்துவிட்டார்.

எல்லோரும் மஞ்சளைத்தான் சந்தேகப்பட்டார்கள். நான் விசாரித்தது பெட்டியை. ஏற்றிய அன்று காலை கன்டெய்னர் தூத்துக்குடி யார்டில் கழுவப்பட்டு, நேராகக் கிடங்குக்கு வந்திருக்கிறது. தரையில் ஈரம் தெரிந்ததை மேற்பார்வையாளரும் கவனித்திருக்கிறார். “தண்ணி காஞ்சிருமுங்க சார், ரெண்டு அட்டையை விரிச்சு ஏத்திரலாம்னு சொன்னாங்க. ஆளுங்களும் வந்து நின்னுட்டிருந்தாங்க” என்றார். அட்டையை விரித்து ஏற்றிவிட்டார்கள்.

அந்த ஈரம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 அடிப் பெட்டியின் உட்புறம் ஏறக்குறைய 5.9 மீட்டர் நீளம், 2.35 மீட்டர் அகலம். தரை 28 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளைவுட் பலகை. மொத்தத் தரையின் எடை 250 கிலோவுக்கு மேல் வரும். அந்தப் பலகையின் ஈரப்பதம் 14 சதவீதத்திலிருந்து 22 சதவீதத்துக்கு ஏறியிருந்தால், அதற்குள் கூடுதலாகச் சுமார் 20 லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். ஒரு பெரிய குடிநீர்க் கேன் அளவு. மூடிய பெட்டியில் இருக்கும் காற்று, 30 டிகிரி வெப்பத்தில், சுமார் ஒரு லிட்டர் தண்ணீரைத்தான் ஆவியாகத் தாங்கும். ஆக, ஆபத்து காற்றில் இல்லை, தரையில்தான் இருக்கிறது.

பகலில் வெயில் இரும்பைச் சுட, பலகையிலிருந்து ஈரம் ஆவியாக எழும். இரவில் கூரை குளிர்ந்ததும் அந்த ஆவி துளித்துளியாகக் கூரையின் அடியில் கோத்து, மூட்டை மேல் சொட்டும். கப்பல்காரர்கள் இதைக் ‘கன்டெய்னர் மழை’ என்பார்கள். மறுநாள் மீண்டும் ஆவியாகும், மீண்டும் சொட்டும். கீழ் வரிசையும் மேல் வரிசையும் கெட்டு, நடு வரிசை தப்பியது ஏன் என்பது இப்போது விளங்கும். அட்டை விரித்தது தண்ணீரை நிறுத்தவில்லை. கண்ணில் படாமல் மறைத்தது, அவ்வளவே.

எனவே தரையை எப்படிப் பார்ப்பது என்பதிலிருந்தே தொடங்குகிறேன். தானியத்துக்கு வைத்திருக்கும் ஈரமானி இதற்கு உதவாது. மரத்தில் இரண்டு ஊசியைக் குத்திப் பார்க்கும் கருவி தனியாக இருக்கிறது. கதவோரம், நடு, கடைசிச் சுவர், இடம், வலம் என்று குறைந்தது ஐந்து இடங்களில் குத்துங்கள். 18 சதவீதத்துக்கு மேல் காட்டும் பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது சரக்குத் துறையில் பரவலாக உள்ள அளவு. மஞ்சள், மிளகாய், முருங்கை இலைப்பொடி போன்றவற்றுக்கு அதைவிடக் குறைவாக இருந்தால்தான் எனக்கு நிம்மதி. கருவி இல்லையென்றால், செய்தித்தாளை நான்காக மடித்துத் தரையில் வைத்து, இரண்டு நிமிடம் மேலே ஏறி நில்லுங்கள். தாள் நமுத்தால் பெட்டி வேண்டாம். தாள் நமுக்காவிட்டால் பலகை காய்ந்திருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். மேற்பரப்பு சீக்கிரம் காயும், உள்ளடுக்கு காயாது. பலகை நிறம் கறுத்திருக்கிறதா, ஓரங்களில் உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது ஓட்டை. இதற்கு வெளிச்சச் சோதனையைவிட எளிய வழி கிடையாது. ஒருவர் உள்ளே போக, மற்றவர் வெளியிலிருந்து கதவைச் சாத்த வேண்டும். வெளியில் நிற்பவர் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. தனியாக ஒருவர் இதைச் செய்யவே கூடாது. அந்தக் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. உள்ளே போனதும் உடனே தேடாதீர்கள். மூன்று நான்கு நிமிடம் இருட்டில் நின்றால் கண் பழகும். பிறகு முதலில் கூரையின் மூலைகள், அடுத்து கூரையும் சுவரும் சேரும் பற்றவைப்பு, கடைசியாகக் கதவின் ரப்பர் பட்டை. ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் மழைநீர் வரும். சாக்கட்டியால் அந்த இடத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள்.

இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. மாலை ஆறு மணிக்கு மேல் வந்த பெட்டியில் இது பலிக்காது. அப்போது வெளியிலிருப்பவர் டார்ச்சைச் சுவர் ஓரமாக நகர்த்திப் பார்க்கலாம்; கூரைக்கு அதுவும் முடியாது, காலை வரை காத்திருக்க வேண்டியதுதான். தரையின் ஓட்டை பகலிலும் தெரியாமல் போகும், பெட்டியின் அடிப்பகுதி எப்போதும் நிழலில் இருப்பதால். வண்டி நிற்கும்போது குனிந்து கீழிருந்து பாருங்கள். கறுப்பு ஒட்டுநாடா ஒட்டியிருந்தால் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். ஒட்டுநாடா வெளிச்சத்தை மறைக்குமே தவிர, கடல் மழையைத் தாங்காது.

வாசனைக்கு வருவோம். கதவைத் திறக்கும் அந்த முதல் நொடிதான் உண்மையைச் சொல்லும். ஐந்து நிமிடம் உள்ளே நின்றுவிட்டால் மூக்கு பழகிவிடும். தோல், மீன்தூள், பெயின்ட், பூச்சிமருந்து போன்றவற்றை முன்பு ஏற்றிய பெட்டியில் அந்த வாடை பலகைக்குள் ஊறியிருக்கும். கழுவினாலும் போகாது, வெயிலில் நின்றால் திரும்ப வரும். மசாலாப் பொருள் அதை இழுத்துக்கொள்ளும். இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. கதவில் நச்சுப்புகை எச்சரிக்கைத் தாள் ஒட்டியிருந்தால் உள்ளே தலையை நீட்டாதீர்கள். மெத்தில் புரோமைடுக்கு வாடையே இருக்காது என்று சொல்லலாம். தாள் இல்லாவிட்டாலும், கதவோரமாக நின்று திறந்து, வாடை பார்த்து, சற்று நேரம் காற்றோட்டம் விட்ட பிறகே உள்ளே காலை வையுங்கள்.

ஒரு வேளாண் விஞ்ஞானியாக எனக்குத் தரை இடுக்குகள் மேல் தனிக் கண் உண்டு. பலகைக்கும் சுவருக்கும் இடையில் முந்தைய சரக்கின் தானியம் தங்கியிருக்கும். அங்கே காப்ரா வண்டின் புழுக்கள் ஒளிந்திருக்கலாம். நம் நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட வண்டுதான் இது. இதன் புழு தீனி இல்லாமலேயே நெடுநாள் உறங்கிக் கிடக்கும். ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் இதைக் கண்டு நடுங்குகின்றன. ஒன்று கிடைத்தாலும் சரக்கு நின்றுவிடும். ஒரு சட்டைக் கம்பியால் இடுக்கைக் கீறி, வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள். மயிர் அடர்ந்த பழுப்புத் தோல்கள், உடைந்த தவிடு போலக் கிடந்தால், அந்தப் பெட்டி உங்களுக்கு வேண்டாம்.

சேதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துருத்தும் ஆணி சாக்கைக் கிழிக்கும். பிய்ந்த ரப்பர் பட்டை தண்ணீரை விடும். கதவுக் கம்பியின் திருகாணி புதிதாக மாற்றப்பட்டிருந்தால், சீலை உடைக்காமலேயே கதவைக் கழற்ற யாரோ வழி செய்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும்.

இனி, நான் உண்மையில் வாதிட விரும்பும் இடம்: பதிவு. பல நிறுவனங்களில் ஒரு தாள் இருக்கிறது. ஓட்டை, வாடை, ஈரம், சேதம் என்று நான்கு கட்டம், நான்கிலும் ‘சரி’ என்று டிக். பெட்டி வருவதற்கு முன்பே டிக் போட்டு வைத்த தாளையும் பார்த்திருக்கிறேன். இதனால் ஒரு பயனும் இல்லை. ‘தரை ஈரம்: 13, 14, 13, 16, 14’ என்று ஐந்து எண்களை எழுதச் சொல்லுங்கள். எண் எழுத வேண்டுமென்றால் அளந்தாக வேண்டும். பெட்டி எண், நாள், நேரம், வானிலை, பார்த்தவர் பெயர் இருக்கட்டும். படம் எடுக்கும்போது முதல் படம் கதவில் உள்ள பெட்டி எண். அதே வரிசையில் கூரை, தரை, பாதி ஏற்றியது, முழுதும் ஏற்றியது, சீல் எண். எண் தெரியாத தரைப் படம் எந்தப் பெட்டியின் தரை என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

யார்டிலிருந்து பெட்டியை எடுக்கும்போது ஓட்டுநர் ஒரு ரசீதில் கையெழுத்திடுவார். பெட்டி எந்த நிலையில் கைமாறியது என்பதற்கு அதுதான் சான்று. அதில் குறை எதுவும் எழுதவில்லை என்றால், நல்ல பெட்டியை வாங்கினோம் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த நகல் உங்கள் கோப்பில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

பதிவுக்கு இன்னொரு முகமும் உண்டு. கடல் சரக்குக் காப்பீட்டில் பரவலாகப் பயன்படும் விதிகளில் ஒன்று இப்படிச் சொல்கிறது: காப்பீடு பெற்றவரோ அவருடைய ஆட்களோ சரக்கை ஏற்றும்போது, பெட்டி தகுதியற்றது என்று அறிந்தே ஏற்றியிருந்தால், அதனால் வரும் இழப்புக்கு ஈடு கிடையாது. ‘தரை ஈரமாக உள்ளது’ என்று எழுதிவிட்டு, அதே பெட்டியில் ஏற்றினால், அந்தத் தாளே உங்களுக்கு எதிரான சாட்சி. இதற்காக எழுதாமல் விடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். எழுதத்தான் வேண்டும். எழுதிய பிறகு ஏற்றக் கூடாது. பெட்டியை மாற்றினீர்களா, காயவைத்து மறுபடி அளந்தீர்களா, ஆணியை அடித்து இறக்கினீர்களா என்று ‘செய்தது என்ன’ என்ற பத்தியும் நிரம்ப வேண்டும். அந்தப் பத்தி காலியாக இருக்கும்வரை முதல் மூட்டை உள்ளே போகக் கூடாது.

இங்கேதான் நடைமுறைச் சிக்கல். தூத்துக்குடியிலிருந்து ஈரோட்டுக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். பெட்டி வாசலில் வந்து நிற்கிறது, ஆட்கள் கூலிக்கு நிற்கிறார்கள், கப்பல் நாள் நெருங்குகிறது. அப்போது ‘திருப்பி அனுப்பு’ என்று சொல்லும் துணிவு ஒரு கிடங்கு மேற்பார்வையாளருக்கு எப்படி வரும்? ஆகவே முதல் சோதனை யார்டிலேயே நடக்க வேண்டும் என்கிறேன். அங்கே பெட்டியை மாற்றக் கேட்பது எளிது. சரக்கு முகவரிடம் பெட்டி பதிவு செய்யும்போதே ‘உணவுப் பொருளுக்கு ஏற்ற, காய்ந்த, வாடையில்லாத பெட்டி’ என்று எழுத்தில் கேளுங்கள். யார்டில் ஓட்டுநர் கையில் ஒரு டார்ச்சும், படமெடுக்கும் வரிசையும் இருக்கட்டும்; அவர் படம் அனுப்பி, நீங்கள் சரி என்ற பிறகு வண்டி கிளம்பட்டும். கிடங்கில் நடப்பது இரண்டாவது சோதனை. அதில் பெட்டியை மறுக்கும் அதிகாரம் மேற்பார்வையாளருக்கு இருக்கிறது என்று இயக்குநர் குழு தீர்மானமாகவே எழுதி வைக்கலாம்.

நான் சொன்ன அந்த நிறுவனம் இப்போது அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறது. சென்ற பருவத்தில் மேற்பார்வையாளர் ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்பினார். கதவோரத்தில் ஊசிக் கருவி காட்டிய எண் 23. அன்றைய ஆள்கூலி வீண்தான். சரக்கு அடுத்த வாரக் கப்பலில் போனது.