12 வருஷக் கணக்கு நம்ம கோயிலைக் காப்பாத்தாது. தயவுசெஞ்சு அதை ஃபார்வர்ட் பண்ணாதீங்க!

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க. கோபம் வந்தா படிச்சு முடிச்ச பிறகு திட்டுங்க, வாங்கிக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு பிரசாதம் கொடுத்துக்கிட்டு இருந்தப்போ, நம்ம கோயில் பெரியவர் ஒருத்தர் போனை நீட்டினார். "தம்பி, இதப் படி. 12 வருஷம் ஒரு இடத்துல இருந்துட்டா அது நம்ம இடமாம். அயோத்தியில கோர்ட்டே சொல்லிருச்சாம். நாம நூறு வருஷமா இருக்கோம். எவன் வந்து எழுப்புவான்?" அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏன்னா அந்த மெசேஜ் ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் வரைக்கும் எல்லா கோயில் குரூப்பிலும் சுத்துது. செம்பனைத் தோட்டம் எல்லாம் ஒவ்வொண்ணா வீடமைப்புத் திட்டமா மாறிக்கிட்டு இருக்கிற நேரத்துல, இதை நம்பி நாம சும்மா உட்கார்ந்தா, தகரம் அடிச்ச பிறகுதான் கண்ணு திறக்கும்.

முதல்ல அந்த அயோத்தி தீர்ப்பு உண்மையில் என்ன சொன்னதுன்னு பார்ப்போம். எந்த மதத்துக்காரர் சரி, எவர் தப்பு என்று பேச நான் வரவில்லை. வருஷத்தை எப்படி எண்ணினார்கள் என்பது மட்டும்தான் நம்ம விஷயம்.

2019 நவம்பர் 9. இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பு கொடுத்தார்கள். 'எதிரிடை அனுபவ பாத்தியம்' என்கிற வாதத்தை அங்கே வைத்தது சுன்னி வக்ஃபு வாரியம். 'ஒருவேளை அங்கே முன்பு கோயில் இருந்திருந்தாலும், 1528-லிருந்து இடம் எங்கள் கையில். காலக்கெடு எப்பவோ தாண்டிவிட்டது, ஆகவே உரிமை எங்களுக்கு' என்பது அவர்களுடைய மாற்று வாதம். ஏறக்குறைய நானூறு வருஷக் கணக்கு! கோர்ட் அதை ஏற்கவில்லை.

ஏன் ஏற்கவில்லை? இந்த வாதத்துக்கு வருஷம் மட்டும் பத்தாது. மற்றவருடைய நிலம் என்று தெரிந்தே, அவருக்கு எதிராக, பலாத்காரம் இல்லாமல், ஒளிவுமறைவு இல்லாமல், அனுமதி வாங்காமல், இடைவிடாமல் இருந்தேன் என்று நிரூபிக்க வேண்டும். அந்த வழக்கில் ஒவ்வொன்றும் எப்படிப் போனது என்று பாருங்க:

1. உண்மையான உரிமையாளர் யார் என்று முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். 'நிலம் ஆரம்பத்திலிருந்தே என்னுடையதுதான்' என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டு, 'அடுத்தவருடைய நிலத்தை அனுபவித்து உரிமை பெற்றேன்' என்று இன்னொரு பக்கம் சொன்னால் இரண்டும் ஒட்டாது. மனுவில் இந்த வாதம் ஒரே ஒரு பத்தியில்தான் இருந்தது. யாருக்கு எதிராக, எந்தத் தேதியிலிருந்து என்ற விவரம் இல்லை. தோல்வி.

2. அமைதியாக இருந்திருக்க வேண்டும். 1856-57-ல் கலவரம், நடுவில் கிராதி வேலி, 1934-ல் மறுபடி கலவரம் என்று ஆவணங்கள் பேசின. தோல்வி.

3. இடைவிடாமல், முழு இடமும் கையில் இருந்திருக்க வேண்டும். வெளிப் பிரகாரத்தில் இந்துக்கள் வழிபாடு நடத்தி வந்ததற்குச் சான்று இருந்தது. இதுவும் தோல்வி.

இப்போ நம்மவர்கள் கேட்பது: "அப்போ இந்து தரப்பு ஜெயிச்சது 12 வருஷக் கணக்கில்தானே?" இல்லவே இல்லை! வழிபாடு, அனுபவம் பற்றி இரண்டு தரப்பும் கொடுத்த சான்றுகளை எடை போட்டு, எது கனமாக இருக்கிறது என்று பார்த்துத்தான் நிலம் தெய்வத்தின் பேருக்குப் போனது. அதே தீர்ப்புதான் 1949-ல் சிலைகளை வைத்ததும் 1992-ல் இடித்ததும் சட்டத்துக்கு விரோதம் என்று எழுதியது. வக்ஃபு வாரியத்துக்கு 5 ஏக்கர் வேறு இடம் கொடுக்கச் சொன்னது. ஃபார்வர்ட் மெசேஜில் இது எதுவும் இருக்காது.

இன்னொன்று. அந்த வழக்கில் 12 வருஷம் எங்கே எண்ணப்பட்டது தெரியுமா? இடத்தைப் பிடிப்பதற்கு அல்ல, கேஸ் போடுவதற்கு. 1949 டிசம்பர் 22-23 இரவில் சிலைகள் வைக்கப்பட்டன. வக்ஃபு வாரியம் வழக்குப் போட்டது 1961 டிசம்பர் 18. பன்னிரண்டு வருஷம் முடிய ஐந்தே நாள் பாக்கி! அதனால் அந்த வழக்கு காலத்துக்குள் வந்தது என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. நிர்மோகி அகாடா என்கிற இந்து மடத்தின் கதையைப் பாருங்க. 1950 ஜனவரி 5-ல் அரசு நியமித்த ரிசீவர் பொறுப்பேற்றார். அவர்கள் வழக்குப் போட்டது 1959 டிசம்பர் 17. 'எங்களுக்கும் 12 வருஷம் உண்டு' என்றார்கள். கோர்ட், 'நீங்கள் கேட்டது நிலத்தை அல்ல, நிர்வாகப் பொறுப்பை. அதற்கு 6 வருஷம்தான்' என்று சொன்னது. கிட்டத்தட்ட நாலு வருஷம் தாமதம். வழக்கு தள்ளுபடி. நூற்றாண்டுக் கணக்கில் பூஜை செய்தோம் என்று சொன்ன மடமே பேப்பரைத் தாமதமாகப் போட்டதால் வெளியே நின்றது. பெரியவங்களே, கவனிக்க வேண்டியது இதைத்தான்!

சரி, அது இந்தியா. இப்போ நம்ம நாட்டுக்கு வருவோம். இங்கே அந்தக் கணக்கே கிடையாது. சைபர்.

நம்ம நாட்டு காலவரையறைச் சட்டத்திலும் நிலத்தை மீட்க 12 வருஷம் என்று ஒரு பிரிவு இருக்கு. அதைக் காட்டித்தான் சிலர் குழப்புகிறார்கள். ஆனா 1966 ஜனவரி 1-ல் அமலுக்கு வந்த தேசிய நிலச் சட்டம் அந்தக் கதவை மூடிவிட்டது. பிரிவு 48: அரசாங்க நிலத்தில் எத்தனை காலம் இருந்தாலும், அனுமதி இல்லாமல் இருந்தாலும் லைசென்ஸில் இருந்தாலும், உரிமை வராது. பிரிவு 341: கிராண்ட் உள்ள தனியார் நிலத்தில் அடுத்தவர் எத்தனை காலம் இருந்தாலும், உரிமையாளர் நிலத்தைத் திரும்பக் கேட்பதற்குத் தடை இல்லை, அவருடைய உரிமையும் அழியாது. பன்னிரண்டும் ஒன்றுதான், நூற்று இருபதும் ஒன்றுதான். கிராண்டில் யார் பேர் இருக்கோ அவர்தான் உரிமையாளர்.

பேராக் அரசாங்கத்துக்கு எதிராக சிடேக் என்பவரும் இன்னும் 461 பேரும் போட்டு, 1982-ல் தீர்ப்பு வெளியான வழக்கு இருக்கு. நிலத்தைத் திருத்திப் பயிர் வைத்துப் பிழைத்தவர்கள். கூட்டரசு நீதிமன்றம் சொன்னது: அனுமதி இல்லாமல் குடியேறியவருக்குச் சட்டத்திலும் உரிமை இல்லை, சட்டத்துக்கு அப்பாற்பட்ட நியாயத்தின் பேரிலும் உரிமை இல்லை. 462 குடும்பத் தலைவர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்க. அந்த வியர்வைக்கே இந்த பதில்தான்.

இப்போ நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். இந்த 12 வருஷப் பேச்சு பலன் இல்லாதது மட்டும் இல்லை, ஆபத்தானது.

நம்ம தோட்டக் கோயில்கள் எப்படி வந்தன? பால்மரம் வெட்டிய காலத்தில், லயத்துக்குப் பக்கத்தில் துரை ஒரு மூலையைக் காட்டினார், நம்ம பாட்டன் பூட்டன் அங்கே ஒரு கல்லை நட்டு சாமி கும்பிட்டார்கள். பிறகு கிராணி சம்பளத்தில் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி பிடித்து கோயில் கணக்கில் போட்டார். திருவிழாவுக்குத் தோட்டமே லாரி கொடுத்தது, தண்ணி கொடுத்தது. இதெல்லாம் என்ன? அனுமதி! அனுமதியோடு இருப்பவருக்கு, இந்தியச் சட்டத்திலும்கூட கடிகாரம் ஓட ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. அப்போ அந்த வாதம் அங்கேயே செத்துவிட்டது.

ஆனா அதே அனுமதிதான் இங்கே நமக்கு மிஞ்சியிருக்கிற பிடி. நில உரிமையாளர் சம்மதித்தார், கட்டச் சொல்லி ஊக்கம் கொடுத்தார், அதை நம்பி நாம காசு போட்டோம் என்று காட்ட முடிந்தால், 'இவர்களை வெறும் கையோடு தள்ள முடியாது, மாற்று இடமோ ஈடோ கொடு' என்று வாதாட வக்கீலுக்கு ஒரு வழி இருக்கு. அது நில உரிமை ஆகாது. ஜெயிக்கும் என்று உறுதியும் இல்லை. ஆனா பேச்சுவார்த்தை மேசையில் உட்கார ஒரு நாற்காலி. நீங்க மைக்கில் ஏறி 'யாரையும் கேட்காம நூறு வருஷமா எங்க இடம்' என்று முழங்கினால், அந்த நாற்காலியை நீங்களே உதைத்துத் தள்ளுகிறீர்கள். சிடேக் வழக்குக்காரர்களின் வரிசையில் நீங்களே போய் நிற்கிறீர்கள். அந்த வீடியோவை எதிர்த்தரப்பு வக்கீல் பத்திரமா எடுத்து வைப்பார்.

கண் முன்னால் இருக்கிற உதாரணம் போதாதா? கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் இருக்கும் ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் 130 வருஷப் பழமை. நிலம் 2014-ல் தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2025 மார்ச்சில் முடிவானது என்ன? கொஞ்ச தூரம் தள்ளி வேறு இடம். அந்த இடம் கிடைத்தது பேசியதால். 130 என்ற எண்ணால் அல்ல.

அதனால நிர்வாகத்தில் இருக்கிறவங்களுக்கு ஒரு தொண்டனாகக் கைகூப்பிக் கேட்கிறேன். கும்பாபிஷேக மலர் போடுவதற்கு முன்னால், நில அலுவலகத்தில் ஒரு 'சாரியான் ரஸ்மி' எடுங்க. நிலம் யார் பேரில், பேர் எப்போ மாறியது, எல்லாம் அதில் தெரியும். தோட்டம் கொடுத்த பழைய கடிதம், சம்பளச் சீட்டில் கோயில் பிடித்தம், தண்ணி கரண்டு பில், துரை வந்து மாலை வாங்கிய போட்டோ, எல்லாத்தையும் தேடி நகல் எடுங்க. பாதி ஆவணம் இறந்துபோன பழைய தலைவர்களின் வீட்டு அலமாரியில் கிடக்கு. வெள்ளைக்காரன் கையெழுத்து என்று பேரன் தூக்கிப் போடுவதற்கு முன் போய்க் கேளுங்க.

முக்கியமா, தோட்டம் இன்னும் தோட்டமா இருக்கும்போதே கேளுங்க. நிலத்தைப் பிரித்து வீட்டு மனையாக்க நிறுவனம் மனு போடும் நேரத்தில்தான், கோயிலுக்கு ஒரு துண்டு ஒதுக்கச் சொல்லி மாநில அரசாங்கத்திடமும் நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்க முடியும். கிராண்ட் கைமாறிய பிறகு புது முதலாளி, 'எனக்கும் உங்களுக்கும் என்ன பேச்சு?' என்பார். சட்டம் அவர் பக்கம் நிற்கும்.

அந்தப் பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்கப்பாகிட்ட துரை கொடுத்த ஒரு லெட்டர் இருந்துச்சு. டின்னுல போட்டு வச்சிருந்தாரு" என்றார்.

ஐயா, அந்த டின்னைத் திறங்க. இந்த வாரமே. நம்ம அம்மனுக்கு அந்த ஒரு தாள், நூறு ஃபார்வர்டை விடப் பெரிசு.