மாவு விற்ற பணம் எந்தக் கணக்கில்?

எங்கள் தெருக்கோடியில் இட்லி மாவு அரைத்து விற்கும் பெண் போன வாரம் பாஸ்புக்கும் கையுமாக வந்து நின்றாள். முகம் வாடியிருந்தது.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன். நான் தினம் போடறேன், பாங்கிலே தினம் எடுக்கறாங்க. என்ன கணக்குன்னே புரியலை."

வாங்கிப் புரட்டினேன். 4,000 ரூபாய் வரவு. அடுத்த வரியிலேயே 59 ரூபாய் பற்று. மறுநாள் 4,000 வரவு; மறுபடியும் 59 பற்று. பக்கம் முழுக்க இதே கதைதான். யாரும் திருடவில்லை. அவள் வைத்திருந்தது சேமிப்புக் கணக்கு. அந்த வங்கியில் மாதம் 3 தடவை ரொக்கம் கட்டலாம், காசில்லை. நாலாவது தடவையிலிருந்து ஒவ்வொரு முறையும் 50 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக 59. இவளோ ஞாயிறும் லீவு நாளும் போக மாதம் 25 நாள் கட்டுகிறாள். 3 போக 22 தடவை. 22-ஐ 59-ஆல் பெருக்கினால் 1,298 ரூபாய்!

"ஐயையோ, ஒரு மூட்டை அரிசிக் காசு அக்கா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"சரி, இந்தக் கணக்கை ஏம்மா ஆரம்பிச்சே?" என்றேன்.

"வட்டி வருமேன்னுதான். கரண்ட் அக்கவுன்ட்டிலே வட்டி கிடையாதாமே?"

உண்மைதான். நடப்புக் கணக்கில், அதாவது கரண்ட் அக்கவுன்ட்டில், வட்டி கிடையாது. ஆனால் இவளுக்குக் கிடைக்கும் வட்டிதான் எவ்வளவு? கணக்கில் சராசரியாக 15,000 ரூபாய் நிற்கிறது. இரண்டரை சதவீதம் என்றால் வருஷத்துக்கு 375 ரூபாய். வருஷத்துக்கு 375 வாங்க மாதத்துக்கு 1,298 கொடுத்துக்கொண்டிருந்தாள். நம்மில் பலர் செய்கிற தவறுதான் இது. வட்டி கண்ணுக்குத் தெரிகிறது. கட்டணம் பாஸ்புக் போட்டால்தான் தெரிகிறது.

இதைவிட எனக்குக் கவலை தந்தது வேறு விஷயம். தினம் 4,000 என்றால் மாதம் 1 லட்சம், வருஷத்துக்கு 12 லட்சம். 2016-இல் வந்த வருமான வரி விதிப்படி, ஒருவர் சேமிப்புக் கணக்குகளில் ஒரு நிதியாண்டில் கட்டும் ரொக்கம் 10 லட்சத்தைத் தொட்டால் வங்கி அதை வரி இலாகாவுக்குத் தெரிவித்தாக வேண்டும். நடப்புக் கணக்குக்கு அந்த எல்லை 50 லட்சம். ஒரே கடை, ஒரே பணம். போடுகிற இடத்தைப் பொறுத்துப் பார்வை மாறுகிறது.

"அக்கா, அது அவரும் நானும் சேர்ந்து வெச்சிருக்கிற கணக்கு..." என்று இழுத்தாள்.

அங்கேதான் சிக்கல். இருவர் பேரில் உள்ள கணக்கானால் பாதி பாதியாகப் பிரித்து எழுத மாட்டார்கள்; முழுத் தொகையும் இருவர் பேரிலும் ஏறும். கணவர் மாதச் சம்பளக்காரர். சம்பளத்தை மட்டும் காட்டி வரி கட்டுகிறவர் பேரில் 12 லட்சம் ரொக்கம் நின்றால், 'இது எங்கிருந்து வந்தது?' என்று அவரைத்தானே கேட்பார்கள்! கேட்டுவிட்டதாலேயே வரி கட்ட வேண்டுமென்றில்லை. பதில் சொன்னால் போதும். ஆனால் பதில் சொல்ல அன்றாட விற்பனையை எழுதிய நோட்டு வேண்டும். அது இவளிடம் இல்லை. காலண்டர் தாளில் கிறுக்கி வைத்திருக்கிறாள்.

வங்கிக்கும் இதில் ஒரு சங்கடம் உண்டு. வியாபார நிறுவனத்தின் பேரில் சேமிப்புக் கணக்கு திறக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. சொந்தப் பேரில் இருக்கும் கணக்கிலும் தினம் வியாபாரப் பணம் புரள்வது தெரிந்தால், 'நடப்புக் கணக்குக்கு மாறுங்கள்' என்று கூப்பிட்டுச் சொல்வார்கள்.

ஆகவே அவளை நடப்புக் கணக்கு ஆரம்பிக்கச் சொன்னேன். அதற்கும் செலவு இல்லாமலில்லை. அவள் விசாரித்து வந்த திட்டத்தில் மாதச் சராசரி இருப்பு 10,000 வேண்டும். மாதம் 2 லட்சம் வரை ரொக்கம் கட்டக் கட்டணமில்லை. அதற்கு மேல் போனால் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். இவளுக்கு 1 லட்சம்தானே, கவலையில்லை. அந்த 10,000 சும்மா கிடப்பதால் போகிற வட்டி வருஷத்துக்கு 250 ரூபாய். அவ்வளவுதான் நஷ்டம்.

சராசரி இருப்பு என்றால் பயப்படுகிறார்கள். எந்நேரமும் 10,000 கிடக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு நாள் முடிவிலும் எவ்வளவு இருக்கிறதோ அதையெல்லாம் கூட்டி நாட்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். உளுந்து மூட்டை வாங்குகிற அன்று 2,000-க்கு இறங்கினாலும் மற்ற நாளில் 12,000, 15,000 நின்றால் சரியாகிவிடும். சில வங்கிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கும். சில திட்டங்களில் 25,000 கூடக் கேட்பார்கள். கையெழுத்துப் போடுமுன் இந்த இருப்பு எவ்வளவு, மாதம் எவ்வளவு ரொக்கம் இலவசம், சில்லறைக்கும் சின்ன நோட்டுக்கும் தனிக் கட்டணம் உண்டா என்று கேட்டு, அச்சிட்ட தாளாக வாங்கிக்கொள்ளுங்கள். மாவுக் கடைக்குப் பத்தும் இருபதும்தான் வரும். பணம் போடும் மிஷின் நாணயத்தை வாங்காது. கவுன்ட்டரில்தான் கொடுக்க வேண்டும்.

கணக்கு திறக்க ஆதார், பான் கார்டு மட்டும் போதாது. கடை இருப்பதற்குச் சான்று இரண்டு கேட்பார்கள். உத்யம் பதிவு ஒன்று; அரசாங்க வலைத்தளத்தில் ஆதாரை வைத்து நாமே செய்யலாம், ஒரு பைசா கட்டணமில்லை. (பணம் கேட்கிறவர் இடைத்தரகர்.) உணவுப் பண்டம் விற்பதால் உணவுப் பாதுகாப்புப் பதிவு இன்னொன்று. இரண்டிலும் கடைப் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் 'ஸ்ரீ' இருந்து மற்றதில் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். இரண்டு சான்று கிடைக்கவே வழியில்லை என்றால், வங்கிக்குத் திருப்தி ஏற்பட்டால் ஒன்றை வைத்தும் திறக்கலாம்.

பழைய சேமிப்புக் கணக்கை மூட வேண்டாம் என்றேன். அது வீட்டுக்கு. கடைப் பணமெல்லாம் நடப்புக் கணக்கில் விழட்டும். சனிக்கிழமை தோறும் சரக்குக்குப் போக மிஞ்சுவதில் ஒரு தொகையைச் சேமிப்புக்கு மாற்றிக்கொள்ளட்டும். அங்கே அதற்கு வட்டியும் வரும். கடையில் உண்மையில் என்ன மிஞ்சுகிறது என்பதும் முதல் தடவையாகத் தெரியும்.

இதைப் படித்துவிட்டு, மாலையில் பத்து முழம் பூக் கட்டி விற்கிறவரும் நடப்புக் கணக்குக்கு ஓட வேண்டியதில்லை. நாளைக்கு ஐந்நூறு, அறுநூறு வருகிறதென்றால் வருஷத்துக்கு 2 லட்சத்தைச் சுற்றித்தான் வரும். வீட்டுக் கணக்கோடு கலக்காமல் உங்கள் பேரில் மட்டும் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்து, பணத்தை உண்டியலில் சேர்த்து மாதம் மூன்று தடவை கட்டுங்கள். கட்டணமே வராது. தினமும் கட்டியாக வேண்டிய அளவுக்குப் பணம் வரும்போதோ, மொத்தக் கடைக்காரர் கடைப் பேரில் செக் கொடுக்கும்போதோ மாறினால் போதும். கடைப் பேரில் எழுதிய செக்கை உங்கள் சொந்தப் பேர்க் கணக்கில் போட முடியாது.

நேற்று அவள் மறுபடி வந்தாள். கணக்கு ஆரம்பித்தாயிற்றாம், செக் புத்தகம் தபாலில் வரப்போகிறதாம். "கடை வாசல்லே ஒட்டியிருக்கிற கியூ.ஆர். அட்டை எந்தக் கணக்கிலேம்மா இருக்கு?" என்று கேட்டேன். விழித்தாள். அது இன்னமும் பழைய கணக்கில்தான் இருந்தது. அவள் பையனைக் கூப்பிட்டு, முதல் வேலையாக அதை மாற்றச் சொல்லியிருக்கிறேன்.